ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாமதமானால் லேட் ஃபீ எவ்வளவு, வட்டி எவ்வளவு? நாள் கணக்கில் போட்டுப் பார்க்கும் முழு வழிகாட்டி

2025 ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை. ஈரோடு பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒருவர் இரண்டு பில் கட்டோடு என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். வரிக் கணக்கைக் காட்டிக் கட்டும் மாத ரிட்டர்னான 3பி-யை மே மாதத்துக்கும் போடவில்லை, ஜூன் மாதத்துக்கும் போடவில்லை. வீட்டில் அப்பாவுக்கு ஆபரேஷன், கடையைப் பையன்தான் பார்த்திருக்கிறான். இரண்டு மாதக் கணக்கையும் அன்றைக்கே முடித்து, மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று சொன்னேன். அவர் கேட்ட கேள்வி இது: "ஜூன் மாசம் வரி முழுக்க ஐடிசியிலேயே கழிஞ்சு போச்சே சார், கையிலிருந்து ஒத்தப் பைசா கட்டலை. அப்புறம் எதுக்கு லேட் ஃபீ?"

சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை விற்பனை வரியில் கழித்துக்கொள்ளக் கிடைக்கும் வரவுதான் ஐடிசி. இந்தக் கேள்வியை மாதம் நாலு பேராவது கேட்கிறார்கள். இதற்கு நேர்மாறான கேள்வியும் வரும்: "பணத்தை 18-ம் தேதியே சலான்ல கட்டிட்டேன், ரிட்டர்ன்தானே லேட்டு, அதுக்கு எதுக்கு வட்டி?" இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. லேட் ஃபீ என்பது ரிட்டர்ன் தாமதத்துக்கு. வட்டி என்பது பணத் தாமதத்துக்கு. லேட் ஃபீ போடும்போது எத்தனை நாள் தாமதம் என்று மட்டும்தான் பார்ப்பார்கள், வரி எவ்வளவு என்று பார்ப்பதில்லை. வட்டியில் அரசுக்குப் போய்ச் சேராமல் கிடந்த ரொக்கம் எவ்வளவு என்பதும் சேரும். இந்தப் பிரிவினை மனதில் நின்றுவிட்டால் மீதியெல்லாம் பெருக்கல்தான்.

முதலில் நாளை எண்ணுங்கள்

மாதா மாதம் போடுபவர்களுக்கு 3பி-யின் கடைசித் தேதி அடுத்த மாதம் 20. ஐந்து கோடிக்குள் வியாபாரம் இருந்து, காலாண்டுக்கு ஒரு முறை போடும் க்யூஆர்எம்பி திட்டத்தில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 22. கடைசித் தேதியை எண்ணக் கூடாது, மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். ரிட்டர்ன் போட்ட நாளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 20-ம் தேதி போட வேண்டியதை 25-ம் தேதி போட்டால் ஐந்து நாள்.

நம் ஹார்டுவேர் கடைக்கு மே மாத ரிட்டர்னின் கடைசித் தேதி ஜூன் 20. ஜூனில் 21 முதல் 30 வரை 10 நாள், ஜூலையில் 31, ஆகஸ்டில் 4. ஆக 45 நாள். ஜூன் ரிட்டர்னுக்குக் கடைசித் தேதி ஜூலை 20. ஜூலையில் 11 நாள், ஆகஸ்டில் 4 நாள், ஆக 15. அந்த ஜூலை 20 ஒரு ஞாயிற்றுக்கிழமை. லீவு நாள்தானே, திங்கட்கிழமை போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. போர்ட்டலுக்கு ஞாயிறும் ஒன்றுதான், திங்களும் ஒன்றுதான். அரசு அறிவிப்பு வெளியிட்டுத் தேதியை நீட்டினால் ஒழிய 21-ம் தேதியே ஒரு நாள் தாமதம் என்று கணக்கு ஓட ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று. முந்தைய மாத 3பி போடாமல் அடுத்த மாதத்தைப் போட முடியாது. அந்த மாத விற்பனை விவரத்தைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 போடாமல் 3பி-யையும் போட முடியாது. அதனால் ஒரு மாதம் தடங்கினால் அடுத்தடுத்த மாதங்களும் தடங்கி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நாள் ஏறும்.

லேட் ஃபீ

சட்டத்தின் 47-வது பிரிவில் இருப்பது மத்திய வரிக்கு நாளுக்கு 100 ரூபாய், மாநில வரிக்கு இன்னொரு 100. 3பி-க்கு இந்த விகிதத்தில் இப்போது வாங்குவதில்லை. அறிவிப்புகள் மூலம் குறைத்து, 25 + 25 என்று நாளுக்கு 50 ரூபாய் ஆக்கியிருக்கிறார்கள். வரி எதுவும் இல்லாத நில் ரிட்டர்னுக்கு 10 + 10, அதாவது நாளுக்கு 20 ரூபாய்.

இது ஏறிக்கொண்டே போகாது, உச்சவரம்பு உண்டு. 2021 ஜூன் மாத ரிட்டர்னிலிருந்து நடைமுறையில் இருக்கும் வரம்பு இது. நில் ரிட்டர்னுக்கு 500 ரூபாய். முந்தைய நிதியாண்டில் மொத்த விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை இருந்தவர்களுக்கு 2,000. ஒன்றரைக் கோடிக்கு மேல் ஐந்து கோடி வரை 5,000. அதற்கும் மேலே போனால் 10,000. எல்லாவற்றிலும் பாதி சிஜிஎஸ்டி, பாதி எஸ்ஜிஎஸ்டி. ஐஜிஎஸ்டிக்கு என்று தனி லேட் ஃபீ கிடையாது.

வரம்பை நாளாக மாற்றிப் பாருங்கள், அப்போதுதான் அதன் அர்த்தம் தெரியும். சின்னக் கடைக்கு 40-வது நாளில் 2,000 ரூபாயைத் தொட்டுவிடும். நில் ரிட்டர்னுக்கு 25-வது நாளில் 500. ஐந்து கோடிக்குள் இருப்பவருக்கு 100 நாள், அதற்கு மேற்பட்டவருக்கு 200 நாள். அதற்கப்புறம் அந்த ஒரு ரிட்டர்னுக்கு லேட் ஃபீ ஏறாது. வட்டி மட்டும் நிற்காமல் ஓடும்.

நம் கடையின் முந்தைய ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள். மே மாதம் 45 நாள் × 50 = 2,250. வரம்பு 2,000 என்பதால் 2,000 மட்டும். ஜூன் மாதம் 15 × 50 = 750.

நில் என்று எதைச் சொல்கிறார்கள்

ஹார்டுவேர் கடைக்காரர் கேட்டது இங்கேதான் வருகிறது. ஜூன் மாதம் அவர் ஐந்து லட்சத்துக்கு விற்றிருந்தார். வரி 45,000 + 45,000. ஐடிசி அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்ததால் கையிலிருந்து கட்ட எதுவும் இல்லை. ஆனால் அது நில் ரிட்டர்ன் ஆகாது. அறிவிப்பில் இருப்பது, அந்த ரிட்டர்னில் செலுத்த வேண்டிய வரி பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பது. செலுத்த வேண்டிய வரி 90,000 இருந்தது, அதை ஐடிசியால் செலுத்தினார். ரொக்கமாகக் கட்டினாலும் ஐடிசியில் கழித்தாலும் வரி இருந்தது இருந்ததுதான். ஆகவே நாளுக்கு 20 இல்லை, 50.

இன்னொரு பொறி லாரி வாடகை. விற்பனையே இல்லாத மாதத்தில்கூட, ரிவர்ஸ் சார்ஜ் வரும் லாரி வாடகை கொடுத்திருந்தால் அதற்கான வரியை நீங்கள்தான் கட்ட வேண்டும். அப்போது அந்த மாதம் நில் இல்லை. ரிவர்ஸ் சார்ஜ் வரியை ஐடிசியில் கழிக்கவும் முடியாது, ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். அதனால் தாமதமானால் அந்தத் தொகை முழுவதற்கும் வட்டியும் வரும். "இந்த மாசம் ஒண்ணும் இல்லை, நில் போட்டுடுங்க" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது லாரி ரசீதைத்தான்.

வட்டி

50-வது பிரிவின்படி வருடத்துக்கு 18 சதவீதம். எந்தத் தொகைக்கு என்பதில்தான் பல வருடம் தகராறு நடந்தது. ஐடிசி கழிப்பதற்கு முந்தைய மொத்த வரிக்கும் வட்டி கேட்டு ஒரு காலத்தில் நோட்டீஸ் போனது. 2021 நிதிச் சட்டத் திருத்தம் அதைத் தீர்த்தது. 2017 ஜூலை 1 முதலே பொருந்தும் என்று முன்தேதியிட்டு, போர்ட்டலில் நாம் கட்டிய பணம் நிற்கும் கேஷ் லெட்ஜரிலிருந்து ரொக்கமாகக் கழித்த பகுதிக்கு மட்டும் வட்டி என்று சொல்லிவிட்டார்கள். கணக்கிடும் முறை 88பி விதியில் இருக்கிறது.

```
வட்டி = ரொக்கமாகக் கட்டும் வரி × 18/100 × தாமத நாள் / 365
```

மே மாதம் கடையில் ஆறு லட்சத்துக்கு வியாபாரம். எல்லாம் 18 சதவீதப் பொருள். சிஜிஎஸ்டி 54,000, எஸ்ஜிஎஸ்டி 54,000. ஐடிசி இரண்டிலும் 36,000. ரொக்கமாகக் கட்ட வேண்டியது ஒவ்வொன்றிலும் 18,000.

```
18,000 × 18/100 × 45/365 = 399.45
```

ரூபாய்க்கு முழுதாக்கினால் சிஜிஎஸ்டியில் 399, எஸ்ஜிஎஸ்டியில் 399. மொத்தம் 798. எப்போதும் தலைப்பு வாரியாகத் தனித்தனியாகப் போடுங்கள். 36,000-க்குச் சேர்த்துப் போட்டுப் பிறகு பாதியாக்கினால் முழுதாக்கும் இடத்தில் ஒரு ரூபாய் இடிக்கும். அந்த ஒரு ரூபாய் குறைந்தாலும் ரிட்டர்னை முடிக்க முடியாது.

ஜூன் மாதத்துக்கு ரொக்கம் எதுவும் இல்லை, ஆகவே வட்டி பூஜ்யம். லேட் ஃபீ மட்டும் 750. இதைச் சொன்ன பிறகுதான் அவருக்குத் தெளிந்தது. மே மாதத்தில் லேட் ஃபீ 2,000, வட்டி 798. ஜூனில் லேட் ஃபீ 750, வட்டி இல்லை. இரண்டும் ஒன்றோடொன்று சம்பந்தப்படாமல் தனித்தனியாக ஓடியிருக்கின்றன.

ஒரு விதிவிலக்கு. ரிட்டர்ன் போடாமல் இருந்து, 73, 74 அல்லது 74ஏ பிரிவில் அதிகாரி நடவடிக்கையைத் தொடங்கிவிட்ட பிறகு போட்டால், ரொக்கப் பகுதிக்கு மட்டும் வட்டி என்ற சலுகை போய்விடும். அப்போது 36,000-க்கு இல்லை, 1,08,000-க்கு வட்டி. தாமதமானவர்களை நான் அவசரப்படுத்துவதற்கு லேட் ஃபீயைவிட இதுதான் காரணம்.

பணம் இருக்கிறது, பில்தான் தயாராகவில்லை என்றால்

இரண்டாவது கேள்விக்கு வருவோம். சலானில் பணம் கட்டினால் அது கேஷ் லெட்ஜரில் போய் நிற்கும். ரிட்டர்ன் போட்டு அங்கிருந்து கழிக்கும் வரை அது வரி செலுத்தியதாக ஆகாது என்று துறை வாதாடியது. வழக்குகளும் நடந்தன. 2024 ஜூலை 10 முதல் 88பி விதியிலேயே ஒரு வாசகம் சேர்த்துவிட்டார்கள். கடைசித் தேதியன்றோ அதற்கு முன்போ கேஷ் லெட்ஜரில் வந்து, ரிட்டர்ன் போட்டுக் கழிக்கும் நாள் வரை தொடாமல் அங்கேயே இருந்த தொகைக்கு வட்டி இல்லை.

நம் கடைக்காரரின் பையன் ஜூன் 18 அன்று சிஜிஎஸ்டியில் 10,000, எஸ்ஜிஎஸ்டியில் 10,000 கட்டி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வட்டி 18,000-க்கு இல்லை, மீதமுள்ள 8,000-க்கு மட்டும்.

```
8,000 × 18/100 × 45/365 = 177.53
```

ஒவ்வொன்றிலும் 178. பாதிக்கும் கீழே. லேட் ஃபீ மட்டும் அதே 2,000, ஏனென்றால் ரிட்டர்ன் தாமதம் தாமதம்தான்.

தொடாமல் இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இடையில் அந்தப் பணத்தை வேறு எதற்காவது எடுத்துவிட்டுப் பிறகு திரும்பப் போட்டால், எடுத்த அளவுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. `Electronic Cash Ledger`-ஐத் திறந்து கடைசித் தேதிக்கும் போடும் தேதிக்கும் இடையே மிகக் குறைந்த இருப்பு எவ்வளவு இருந்தது என்று பாருங்கள். அந்தக் குறைந்த இருப்பைத்தான் கழித்துக்கொள்ள முடியும்.

பணம் எந்த நாளில் வந்ததாகக் கணக்கு என்றால், வங்கியில் அரசுக் கணக்கில் வரவான நாள். நெஃப்டில் 20-ம் தேதி மாலை அனுப்பிவிட்டு, அது மறுநாள் வரவானால் ஒரு நாள் தாமதம்தான். நெட் பேங்கிங்கில் கட்டினாலும் வங்கியில் பணம் எடுபட்டு, லெட்ஜரில் ஏறாமல் நிற்கும் இரவுகள் உண்டு. 20-ம் தேதி இரவு பத்து மணிக்குமேல் சலான் போடுகிறவர்களை எப்போதும் தடுப்பேன். 18-ம் தேதிக்குள் ஒரு தோராயக் கணக்காவது போட்டுக் கட்டிவிடுங்கள்.

க்யூஆர்எம்பி ஆட்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. காலாண்டின் முதல் இரண்டு மாதத்துக்கு ரிட்டர்ன் இல்லை, ஆனால் அடுத்த மாதம் 25-க்குள் பிஎம்டி-06 சலானில் வரி கட்ட வேண்டும். அது தாமதமானால் லேட் ஃபீ கிடையாது, வட்டி உண்டு. ரிட்டர்னுக்குத்தான் லேட் ஃபீ, பணத்துக்கு வட்டி என்று சொன்னேனே, அதே கதைதான்.

திரையில் எங்கே வரும், எப்படிக் கட்டுவது

இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். மே மாதம் தாமதமாகப் போட்டதற்கான வட்டியும் லேட் ஃபீயும் மே மாத 3பி-யில் கேட்காது. மே மாத ரிட்டர்னைப் போட்ட பிறகுதான் எத்தனை நாள் தாமதம் என்று போர்ட்டலுக்குத் தெரியும். கணக்குப் போட்டு அடுத்த மாத 3பி-யின் `5.1 Interest and Late Fee` பகுதியில் கொண்டுவந்து நிறுத்தும். அதனால் ஹார்டுவேர் கடைக்கு அன்று நடந்தது இப்படி.

முதலில் மே மாதம். ரொக்கம் 18,000 + 18,000 மட்டும் வரித் தலைப்பில் கட்டி, ஐடிசியோடு சேர்த்துக் கழித்துப் போட்டோம். அடுத்து ஜூன். அதைத் திறந்ததும் 5.1-ல் வட்டி 399 + 399, லேட் ஃபீ 1,000 + 1,000 வந்து நின்றது. அதைக் கட்டி ஜூனையும் முடித்தோம். ஜூன் தாமதத்துக்கான 375 + 375 ஜூலை மாத 3பி-யில் வந்தது. "இந்த மாசம் சரியான தேதியிலதானே போடறேன், எதுக்கு லேட் ஃபீ காட்டுது?" என்று ஆகஸ்ட் 19 அன்று அவர் போன் செய்தார். அது போன மாதக் கடன்.

வட்டியையும் லேட் ஃபீயையும் ஐடிசியில் கழிக்க முடியாது. ரொக்கம்தான். ரொக்கத்திலும் சரியான கட்டத்தில் இருக்க வேண்டும். சலானைத் திறந்தால் கீழ்நோக்கி CGST, IGST, Cess, SGST என்று வரிசை இருக்கும். குறுக்கே `Tax`, `Interest`, `Penalty`, `Fee`, `Other` என்று பத்தி இருக்கும். லேட் ஃபீயை `Fee` பத்தியில், CGST வரிசையில் 1,000, SGST வரிசையில் 1,000 என்று போட வேண்டும். வட்டியை `Interest` பத்தியில். எல்லாவற்றையும் மொத்தமாக `Tax` பத்தியில் போட்டுவிட்டு, லெட்ஜரில் பணம் இருந்தும் ரிட்டர்ன் நகரவில்லை என்று பதறி வருபவர்கள் அதிகம். அப்படிப் போட்டுவிட்டால் புதிதாகக் கட்ட வேண்டாம், `PMT-09` படிவத்தில் ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். இன்னும் சுலபமான வழி, 3பி-யின் கட்டணப் பக்கத்திலேயே இருக்கும் `Create Challan` பொத்தானை அழுத்துவது. குறைகிற தொகை சரியான கட்டத்தில் தானாக நிரம்பி வரும்.

லேட் ஃபீ கட்டத்தை நீங்கள் மாற்ற முடியாது. வட்டித் தொகையை மட்டும் உங்கள் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், குறிப்பாக முன்கூட்டியே பணம் கட்டி வைத்திருந்த மாதங்களில். குறைவாகக் கட்டியது பின்னால் தெரிந்தால் `DRC-03` மூலம் கட்டிவிடலாம், அதிகாரி கேட்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசியில் ஓடிபி போட்டு, ஏஆர்என் எண் வந்து, டாஷ்போர்டில் `Filed` என்று காட்டினால்தான் ரிட்டர்ன் போட்டதாக அர்த்தம். பணம் கட்டியாச்சு என்று ஓடிபி வரும்வரை இருக்காமல் லேப்டாப்பை மூடிவிட்டு, அடுத்த மாதம் வந்து பார்த்தால் முப்பது நாள் லேட் ஃபீ நிற்கும்.

விட்டுப்போன பில்

இது தனி வகை. 2025-ல் போர்ட்டல் இதைத் தானாகக் கண்டுபிடிக்காமல் இருந்தது. ஆகஸ்ட் 4 அன்று ஜூன் மாதக் கணக்கைப் பார்க்கும்போது ஏப்ரலில் போட்ட ஒரு லட்ச ரூபாய் பில் ஒன்று ஏப்ரல் ரிட்டர்னில் சேராமல் விட்டிருந்தது என்று வையுங்கள். வரி 9,000 + 9,000. ஏப்ரல் ரிட்டர்ன் சரியான தேதியில் போட்டதுதான், ஆகவே லேட் ஃபீ கிடையாது. வட்டி உண்டு. அதுவும் இந்த வட்டிக்கு ரொக்கப் பகுதிக்கு மட்டும் என்ற சலுகை பொருந்தாது. அந்தந்த மாத விற்பனையை அந்த மாத ரிட்டர்னிலேயே காட்டி, அந்த ரிட்டர்ன் தாமதமானால்தான் சலுகை. வேறு மாதத்தில் கொண்டுவந்து காட்டினால் முழு வரிக்கும், ஏப்ரலின் கடைசித் தேதிக்கு மறுநாளிலிருந்து வட்டி.

மே 21 முதல் ஆகஸ்ட் 4 வரை: 11 + 30 + 31 + 4 = 76 நாள்.

```
9,000 × 18/100 × 76/365 = 337.32
```

337 + 337. ஐடிசி இருந்ததால் ரொக்கம் கட்ட வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் வட்டி உண்டு என்பதைக் கவனியுங்கள். 3பி-யில் `Tax Liability Breakup, As Applicable` என்று ஒரு இடம் இருக்கிறது. இந்த ரிட்டர்னில் உள்ள வரியில் எவ்வளவு எந்த மாதத்துக்கு உரியது என்று அதில் பிரித்துக் காட்டலாம். பலர் அதைத் திறப்பதே இல்லை. பிரித்துக் காட்டினால் வட்டியும் சரியாக வரும், பிற்பாடு கேள்வி வந்தால் காட்ட ஒரு பதிவும் இருக்கும்.

வியாபாரமே இல்லை, ரிட்டர்ன் மட்டும் பாக்கி

என்னை அதிகம் வருத்தப்படுத்துவது இவர்கள்தான். கடன் வாங்க, டெண்டர் போட என்று ஜிஎஸ்டி எண் எடுத்திருப்பார்கள். வியாபாரம் நடக்காது. "விற்பனையே இல்லையே, எதைக் காட்டுறது?" என்று விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு மாத நில் ரிட்டர்னுக்கும் தனியாக 500 வரை ஏறும். வட்டி இல்லை, வரியே இல்லையே.

மாதா மாதம் போட வேண்டிய ஒருவர் 2025 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏழு நில் ரிட்டர்னை விட்டுவிட்டு டிசம்பர் 10 அன்று வருகிறார் என்று வையுங்கள். முதல் ஆறும் 25 நாளைத் தாண்டியவை, 6 × 500 = 3,000. அக்டோபருக்குக் கடைசித் தேதி நவம்பர் 20, தாமதம் 20 நாள், 20 × 20 = 400. ஆக 3,400. இதே ஆள் க்யூஆர்எம்பியில் இருந்திருந்தால் அந்தத் தேதிக்குப் பாக்கி இரண்டே ரிட்டர்ன், 1,000 ரூபாய். மந்தமாக ஓடும் சின்னத் தொழிலுக்கு நான் முதலில் சொல்வது காலாண்டுக்கு மாறுங்கள் என்பதுதான். போட வேண்டிய முந்தைய ரிட்டர்னைப் போட்டிருந்தால்தான் மாற விடும். தொடர்ந்து ஆறு மாதம் போடாதவருக்கு, காலாண்டுக்காரர் என்றால் இரண்டு காலாண்டு போடாதவருக்கு, பதிவை ரத்து செய்யும் நோட்டீஸ் வரலாம் என்பதும் இதில் சேர்த்தி.

சரியான தேதிக்குள் என்றால் நில் ரிட்டர்னுக்கு லாகின்கூட வேண்டாம். பதிவில் உள்ள கையெழுத்ததிகாரியின் செல்போனிலிருந்து 14409-க்கு எஸ்எம்எஸ் போதும். முதலில் ஜிஎஸ்டிஆர்-1, பிறகு 3பி. 2025 நவம்பருக்கு என்றால்:

```
NIL R1 GSTIN 112025
NIL 3B GSTIN 112025
```

GSTIN என்ற இடத்தில் 33-ல் தொடங்கும் உங்கள் 15 இலக்க எண்ணைப் போட வேண்டும். ஆறு இலக்கக் குறியீடு ஒன்று பதிலாக வரும். 3பி-க்கு அதை `CNF 3B 123456` என்ற மாதிரி திருப்பி அனுப்பினால் முடிந்தது. ஆனால் ஒரு மாதம் தவறி லேட் ஃபீ ஏறிவிட்டால், அடுத்த மாத 3பி-யில் அந்தப் பாக்கி நிற்பதால் எஸ்எம்எஸ்ஸில் போட முடியாது. லாகின் செய்து `Fee` பத்தியில் கட்டித்தான் போட வேண்டும்.

கடையை மூடிவிட்டவர்கள் பதிவை ரத்து செய்ய `REG-16` விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டும். ரத்தாகும் தேதி வரை உள்ள ரிட்டர்ன்களைப் போட வேண்டும். அதோடு முடிந்தது என்று நினைத்து எல்லோரும் கோட்டை விடுவது ஜிஎஸ்டிஆர்-10. ரத்தான தேதி அல்லது ரத்து உத்தரவின் தேதி, எது பிந்தியதோ அதிலிருந்து மூன்று மாதத்துக்குள் போட வேண்டிய இறுதி ரிட்டர்ன் அது. இதற்கு 3பி-யில் உள்ள குறைப்பும் இல்லை, நில் சலுகையும் இல்லை. 47-வது பிரிவின் மூல விகிதம்தான்: நாளுக்கு 100 + 100, வரம்பு 5,000 + 5,000. ஐம்பது நாளில் பத்தாயிரம் ரூபாய். கையிருப்புச் சரக்கே இல்லாமல், எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் போட வேண்டிய ஒரு படிவத்துக்கு இந்தத் தொகையைக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ரத்து உத்தரவு மெயிலில் வந்த அன்றைக்கே ஜிஎஸ்டிஆர்-10 போட்டுவிடுங்கள்.

பழைய பாக்கியை அரசு தள்ளுபடி அறிவிக்கட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு ஒன்று. லேட் ஃபீயை அறிவிப்பு மூலம் குறைக்கச் சட்டத்தில் இடமுண்டு, குறைத்தும் இருக்கிறார்கள். அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2023 நிதிச் சட்டத் திருத்தத்தின்படி கடைசித் தேதியிலிருந்து மூன்று வருடம் ஆகிவிட்டால் அந்த ரிட்டர்னைப் போடவே முடியாது. அதன் பிறகு லேட் ஃபீ கட்டத் தயாராக இருந்தாலும் வழியில்லை. முந்தைய மாதம் போடாமல் அடுத்ததைப் போட முடியாது என்று முதலில் சொன்னேன் அல்லவா, அந்தப் பூட்டும் இதோடு சேர்ந்துகொள்ளும். 2023 மார்ச் ரிட்டர்ன் பாக்கி என்றால் அதன் கடைசித் தேதி 2023 ஏப்ரல் 20. 2026 ஏப்ரல் 20-ஐத் தாண்டினால் அது கிடையாது. உங்கள் டாஷ்போர்டில் `Not Filed` என்று நிற்கும் மிகப் பழைய மாதம் எது என்று இன்றே பாருங்கள், அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.